ஒரு பக்கத்தில் ஒன்பது மாதம்

நீண்ட நாள் தொந்தரவை மருத்துவர் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்ளும்படி எழுதிக் கொண்டுபோவது எப்படி? அப்பாவின் மஞ்சப்பை கற்றுத்தந்த பாடம்.

அப்பாவின் மஞ்சப்பையில் நாற்பத்தொரு தாள்கள் இருந்தன. மூன்று ஊர் மருத்துவர்களின் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், இரண்டு ஈ.சி.ஜி., தலையை எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உறை, காது பரிசோதனை வரைபடம், மருந்துக்கடை பில்கள். எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று அம்மா எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

அந்தப் பையோடுதான் போன ஆண்டு மே மாதம் மூன்றாவது மருத்துவரிடம் போனோம். "என்ன பண்ணுது?" என்று கேட்டார். "மயக்கமா வருது டாக்டர்" என்றார் அப்பா. "எவ்வளவு நாளா?" "ரொம்ப நாளா." மருத்துவர் கட்டைப் பிரித்தார். மேலாக இருந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியைப் படித்தார். மூளையில் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றார். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த தலைசுற்றல் மாத்திரையைத் தொடரச் சொன்னார். அன்றைக்கு வெளியே முப்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். அவர் அவசரக்காரர் இல்லை, நல்ல மனிதர்தான். பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னார்: "நான் சொல்ல வந்ததை இன்னும் யார்கிட்டயும் சொல்லலடா."

அவர் சொல்ல வந்தது என்ன என்று வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதியபோதுதான், எங்களுக்கும் அது தெரியவில்லை என்பது தெரிந்தது.

நோயாளி சொல்லும் கதைக்கு மருத்துவத்தில் எவ்வளவு எடை என்பதை 1975-இல் இங்கிலாந்தில் அளந்து பார்த்தார்கள். ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 66 பேருக்கு, அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டபின் எழுதிய நோயின் பெயர்தான் கடைசிவரை நின்றது. உடலைத் தொட்டுப் பார்த்ததும் பரிசோதனைக் கூடமும் மாற்றியது மிச்சமுள்ள சிலருக்குத்தான். ஆனால் அந்தக் கதையை முழுதாகச் சொல்ல முடிகிறதா? 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் மருத்துவ உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். முதல் 18 நொடிகளில் நாம் என்ன சொல்கிறோமோ அந்தத் திசையில்தான் மருத்துவரின் அடுத்த கேள்விகள் போகும். அப்பா அந்த நேரத்தைச் செலவழித்தது "மயக்கம்" என்ற ஒரே சொல்லில்.

ஒரு சொல்லுக்குள் நான்கு தொந்தரவுகள்

தமிழில் மயக்கம் என்றால் என்ன? பசி மயக்கம் என்கிறோம், அறுவை சிகிச்சைக்கு மயக்க ஊசி என்கிறோம், சாப்பிட்டதும் கண் செருகுவதை உண்ட மயக்கம் என்கிறோம், நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்கிறோம். தலைசுற்றல், கிறுகிறுப்பு, தள்ளாட்டம் எல்லாம் பேச்சில் அதே சொல்லுக்குள் போய்விடுகின்றன.

மருத்துவருக்கோ இவை வேறு வேறு வாசல்கள். வீடே சுற்றுகிறது, கட்டில் புரள்கிறது என்றால் அவர் பெரும்பாலும் உட்காதைப் பற்றி யோசிப்பார். கண் இருட்டிக்கொண்டு, இப்போது விழுந்துவிடுவோம் என்று தோன்றினால் இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றின் பக்கம் போவார். தலை தெளிவாக இருந்தும் நடை மட்டும் தள்ளாடினால் நரம்பையும் கால் உணர்வையும் பார்ப்பார். இதில் எதுவும் இல்லாமல் சோர்வாக, தலை பாரமாக இருக்கிறது என்றால் அது நான்காவது வாசல். சொல்லைவிடவும், எந்த நேரத்தில், என்ன செய்யும்போது வருகிறது என்பதைத்தான் இன்று மருத்துவர்கள் அதிகம் நம்புகிறார்கள். காரணம், ஒரே ஆள் காலையில் ஒரு சொல்லையும் மாலையில் வேறு சொல்லையும் சொல்வது வழக்கம்.

அதனால் அப்பாவிடம் மயக்கம் என்ற சொல்லையே பயன்படுத்தாமல், கடைசியாக வந்ததை நடித்துக் காட்டச் சொன்னேன். கட்டிலில் படுத்தார். எழுந்து உட்கார்ந்தார். நின்றார். இரண்டடி வைத்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "இந்த இடத்துல கண்ணு இருட்டும். கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்." சுற்றுவது போல இருக்குமா என்றேன். "சுத்தாது. விளக்கை அணைச்ச மாதிரி இருக்கும்." படுத்திருக்கும்போது வருமா? வராது. உட்கார்ந்திருக்கும்போது? வராது. ஒன்பது மாதமாக மூன்று மருத்துவர்களிடமும் சொல்லப்படாமல் இருந்தது இவ்வளவுதான்: எழுந்து நின்றால் மட்டும் வருகிறது.

குறிப்பு எழுத உட்காருபவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. நோயின் பெயரையும், பழகிப்போன சொல்லையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நடந்ததைக் கேட்க வேண்டும். "கேஸ் டிரபிள்" என்று எழுதினால் மருத்துவருக்குக் கிடைப்பது நம் ஊகம். "சாப்பிட்டு அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறது, படுத்தால் அதிகமாகிறது" என்று எழுதினால் கிடைப்பது செய்தி. மூச்சு வாங்குகிறது என்பதைவிட, "போன தீபாவளிக்கு இரண்டு மாடி ஏறினேன், இப்போது பத்துப் படியில் நிற்க வேண்டியிருக்கிறது" என்பது பல மடங்கு பயன்படும்.

பண்டிகையிலிருந்து தேதிக்கு

அடுத்தது, எப்போது தொடங்கியது? அப்பாவுக்குத் தேதி நினைவில்லை. பண்டிகைகள் நினைவிருந்தன. "பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் விடியக்காலை. கொழுக்கட்டை ஒத்துக்கலன்னு நினைச்சேன்" என்றார். 2024-இல் சதுர்த்தி செப்டம்பர் 7. ஆக, முதல் தடவை செப்டம்பர் 8. குளியலறை வாசலில் விழுந்து புருவத்தில் மூன்று தையல் போட்டது கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு. தீபம் டிசம்பர் 13, அப்படியானால் டிசம்பர் 11. பெரியவர்களின் நினைவு காலண்டர்படி இருக்காது. கல்யாணம், காது குத்து, தீபாவளி, மழை என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் கேட்டால் பதில் வருகிறது. பிறகு காலண்டரைப் பார்த்துத் தேதியாக மாற்றிக்கொள்ளலாம்.

இதோடு விட்டிருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். மஞ்சப்பையிலிருந்த மருந்துக்கடை பில்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். எந்த மாத்திரை எப்போது புதிதாக வந்தது, எப்போது அளவு கூடியது என்பதை மட்டும் ஒரு தாளின் வலப்பக்கம் எழுதினேன். இடப்பக்கம் தொந்தரவின் தேதிகள்.

ஆகஸ்ட் 26-இல், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதற்காக, சிறுநீரக மருத்துவர் டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரையைத் தொடங்கியிருந்தார். பதின்மூன்றாம் நாள் முதல் இருட்டல். நவம்பர் 20-இல் இரத்த அழுத்தம் 150 இருக்கிறது என்று டெல்மிசார்டன் 40 மி.கி.யை 80 ஆக்கியிருந்தார்கள். மூன்று வாரத்தில் அப்பா விழுந்தார்.

இந்த இரண்டு சீட்டுகளும் இரண்டு வெவ்வேறு கோப்புகளில் இருந்தன. பி.பி. பார்த்தவர் சிறுநீரக மருத்துவரின் சீட்டைப் பார்க்கவில்லை. காது மருத்துவரிடம் நாங்கள் இரண்டையுமே காட்டவில்லை. அவர் காதைத்தானே பார்க்கப்போகிறார் என்று நினைத்துவிட்டோம். ஒவ்வொருவர் கையிலும் கதையின் ஒரு துண்டு இருந்தது. முழுக்கதை மஞ்சப்பையில் மட்டும்தான் இருந்தது.

நான்கு பக்கம் எப்படிக் குறைந்தது?

முதலில் எழுதியது நான்கு பக்கம். அதைச் சுருக்கும்போது நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்த வரியை எடுத்துவிட்டால் மருத்துவர் கேட்கும் அடுத்த கேள்வி மாறுமா?

மாறாதவை முதலில் போயின. எந்த மருத்துவர் என்ன சொன்னார், எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தோம், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் ஒன்றரைப் பக்கம். மனக்குறை தீர எழுதலாம், மருத்துவருக்கு அதில் வேலை இல்லை. பிறகு பழைய தொந்தரவுகள். அப்பாவுக்குப் பத்து ஆண்டுகளாக முழங்கால் வலி. அதற்கு இந்தக் குறிப்பில் இடமில்லை, ஆனால் அதற்காக அவர் சாப்பிடும் மாத்திரைக்கு உண்டு. எங்கள் ஊகங்களும் போயின. "கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கலாம்" என்று அம்மா சொன்னதை அடித்தேன். அதே நியாயத்தில் "டாம்சுலோசினால்தான் வருகிறது" என்று நான் எழுதிய வரியையும் அடித்தேன். அடிக்க மனம் வரவில்லை. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பார்க்கத் தெரிந்தவருக்குப் புரியும். தீர்ப்பை எழுதிக் கொடுத்தால், மருத்துவர் அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று மட்டும்தான் பார்ப்பார். மற்ற காரணங்களைத் தேட மறந்துவிடலாம்.

எடுக்கக் கூடாது என்று பிறகு புரிந்தது "இல்லை" என்ற பதில்கள். நெஞ்சு வலி இல்லை, பேச்சு குழறவில்லை, காதில் இரைச்சல் இல்லை. இல்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மருத்துவர் ஒரு வாசலை மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது இந்த "இல்லை"களை வைத்துத்தான். அதே போல, எடை குறைவது, இரத்தம் போவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நினைவு தப்புவது ஆகியவை இருந்தால், சம்பந்தமில்லை என்று நாம் நினைத்தாலும் அவற்றை எடுக்கக் கூடாது.

அளவீடுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு பி.பி. கருவியில் எடுத்த முப்பது எண்கள் இருந்தன. அவற்றை அப்படியே கொட்டாமல், "காலை, உட்கார்ந்து பார்த்தது, கடந்த 2 வாரம், 128 முதல் 140 வரை / 76 முதல் 84 வரை" என்று ஒரே வரியாக்கினேன். உட்கார்ந்து பார்த்தது என்ற இரண்டு சொற்கள் எவ்வளவு பெரிய செய்தி என்று எழுதும்போது எனக்கே தெரியாது.

கடைசியில் நின்றது இது:

> ஆண், 67 வயது. சுகர் 11 ஆண்டு, பி.பி. 8 ஆண்டு. ஒவ்வாமை: பெனிசிலின் (உடல் தடிப்பு).
>
> வந்த காரணம்: 9 மாதமாக, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஒரு முறை விழுந்து தையல்.
>
> எப்படி: நின்ற அரை நிமிடத்துக்குள் வருகிறது. உட்கார்ந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிறது. படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் இல்லை. சுற்றுவது போல் இல்லை. விடியற்காலையும், இரவு சிறுநீர் கழிக்க எழும்போதும் அதிகம். வாரம் 4, 5 முறை.
>
> இல்லாதவை: நெஞ்சு வலி, படபடப்பு, காது இரைச்சல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், நினைவு தப்புதல், எடை குறைதல்.
>
> வரிசை:
> 26.8.2024 – டாம்சுலோசின் 0.4 தொடக்கம்
> 8.9.2024 – முதல் தடவை
> அக்டோபர் – காது மருத்துவர், பீட்டாஹிஸ்டின் 16 தொடக்கம், மாற்றம் இல்லை
> 20.11.2024 – டெல்மிசார்டன் 40-லிருந்து 80
> 11.12.2024 – விழுந்தார்
> ஜனவரி 2025 – எம்.ஆர்.ஐ., ஈ.சி.ஜி. இயல்பு
>
> இப்போது சாப்பிடுபவை: காலை – டெல்மிசார்டன் 80, ஆம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500. இரவு – மெட்ஃபார்மின் 500, டாம்சுலோசின் 0.4. மூன்று வேளை – பீட்டாஹிஸ்டின் 16. முழங்கால் வலிக்கு பாராசிட்டமால் 650, வாரம் இரண்டு.
>
> வீட்டு அளவு: பி.பி. 128–140 / 76–84 (உட்கார்ந்து பார்த்தது). இருட்டியபோது ஒரு முறை பார்த்த சுகர் 142.
>
> கேட்க வேண்டியது: 1. நின்றால் மட்டும் ஏன்? 2. பீட்டாஹிஸ்டின் இன்னும் தேவையா? 3. இரவில் விழாமல் இருக்க என்ன செய்வது?

அரைத் தாளுக்கு மேல் கொஞ்சம் வந்தது. பெரிய எழுத்தில் எழுதினேன். வந்த காரணம் மேலே, கேள்விகள் கீழே. மருத்துவர் கண் முதலில் போகும் இடமும் கடைசியாக நிற்கும் இடமும் அவை. மாத்திரைப் பட்டியலைச் சீட்டைப் பார்த்து எழுதாமல், அப்பா அன்றாடம் உண்மையில் எடுக்கும் அட்டைகளை மேஜையில் பரப்பிப் பார்த்து எழுதினேன். சீட்டில் இருப்பதும் வாயில் போவதும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. மஞ்சப்பையையும் எடுத்துப்போனோம், ஆனால் கேட்டால் மட்டும் கொடுப்பது என்று முடிவுசெய்தோம்.

மூன்று நிமிட சோதனை

ஜூன் மாதம் ஒரு பொதுநல மருத்துவரிடம் போனோம். அப்பா முதலில் பேசினார், ஒத்திகை பார்த்த ஒரே வாக்கியம்: "எழுந்து நின்னா கண்ணு இருட்டுது டாக்டர், ஒன்பது மாசமா. ஒரு தடவை விழுந்துட்டேன்." பிறகு தாளை நீட்டினார். மருத்துவர் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "நின்னுக்கிட்டு பி.பி. பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார். ஒன்பது மாதத்தில் யாரும் பார்க்கவில்லை.

அப்பாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தார்: 138/82. எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் 114/72. மூன்றாவது நிமிடத்தில் 108/70. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அதை நிற்கும்போது வரும் இரத்த அழுத்தச் சரிவு என்பார்கள். அப்பாவுக்கு மேல் எண் 30 இறங்கியிருந்தது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். உடனே இரத்தக் குழாய்கள் இறுகி, மூளைக்குப் போவது குறையாமல் பார்த்துக்கொள்ளும். டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தி வழிவிடும் மாத்திரை. சிலருக்கு இரத்தக் குழாயின் தசையும் அதனால் சற்றுத் தளரும். ஏற்கெனவே இரண்டு பி.பி. மாத்திரை எடுப்பவருக்கு அது கூடுதல் சுமை. நீண்ட நாள் சுகர் இருந்தால், குழாயை இறுகச் சொல்லும் நரம்புகளும் மந்தமாகியிருக்கலாம். மருத்துவர் ஒரு காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்றார். என்னுடைய தீர்ப்பை அடித்தது நல்லதுதான் என்று அப்போது பட்டது.

குறிப்பில் இல்லாதது

பிறகு அவர் கேட்ட கேள்வி எங்கள் தாளில் எங்கும் இல்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" அப்பா கொஞ்சம் தயங்கினார். "நாலு மணிக்கு மேல குடிக்கிறதில்லை டாக்டர். ராத்திரி எழுந்திரிக்கணுமேன்னு." அம்மாவுக்கே அது தெரியாது. இரவு எழுந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் தண்ணீரைக் குறைத்திருக்கிறார். தண்ணீர் குறைந்ததால் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்கிறது.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் குறிப்பு என்பது நமக்குத் தெரிந்ததன் சுருக்கம்தான். நமக்குத் தெரியாதது அதில் இருக்காது. அதனால் குறிப்பைக் கொடுத்துவிட்டு நோயாளியை ஓரமாக உட்காரவைத்துவிடக் கூடாது. பதில் சொல்ல வேண்டியது அவர்தான். நான் பலமுறை குறுக்கே பேச வாயெடுத்தேன். அம்மா கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு எல்லையும் உண்டு. தேதிகள் பொருந்துகின்றன என்பதற்காக நாமே மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பி.பி. எகிறலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு மருத்துவர் சிறுநீரக மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, டெல்மிசார்டனை 40-க்குக் குறைத்தார். டாம்சுலோசினை இப்போதைக்குத் தொடரச் சொல்லி, பீட்டாஹிஸ்டினை நிறுத்தினார். பகலிலேயே தண்ணீரை நிறையக் குடித்து முடிக்கச் சொன்னார். இரவில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டுப் பிறகு எழச் சொன்னார். இரண்டு வாரம் படுத்தும் நின்றும் பி.பி. பார்த்து எழுதி வரச் சொன்னார்.

இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும் தொந்தரவுக்கு. திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சை அழுத்தினாலோ தாளும் பேனாவும் தேடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் மறுபடி போனபோது நின்ற நிலையில் 122/76 இருந்தது. இருட்டல் முழுதாகப் போகவில்லை. விடியற்காலையில் எப்போதாவது வருகிறது. வாரம் ஐந்து முறை என்பது ஒன்றாகியிருந்தது.

அந்த "ஒன்று" எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பாவே எழுதி வைத்திருந்தார். கட்டில் பக்கத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கிழித்ததும் அந்தத் தாளின் பின்பக்கத்தில்: எத்தனை மணி, எழுந்தபோதா நடந்தபோதா, உட்கார்ந்து எத்தனை நேரத்தில் சரியானது. மயக்கம் என்ற சொல் ஒரு தாளிலும் இல்லை.